ஆசிட் ஊற்றுவதற்கு முன் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்

"அண்ணா, எங்க வீடு கொடுங்கையூர். ஹால்ல ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ், போட்டு எட்டு வருஷம் ஆச்சு. எவ்வளவு துடைச்சாலும் பால் தெளிச்ச மாதிரி மங்கலாவே இருக்கு. ஜாயின்ட் எல்லாம் கறுப்பு. பாத்ரூம் தரை செங்காவி நிறமா ஆயிடுச்சு. போர் தண்ணிதான், தரை துடைக்க மட்டும் ஆர்ஓ மெஷின்ல வீணாப் போற தண்ணியப் பிடிச்சு வெச்சுப்போம். வேலைக்கு வர்ற அக்கா, ஆசிட் ஊத்தித் தேய்ச்சா ஒரே நாள்ல பளிச்சுனு ஆயிடும்ங்கறாங்க. கிட்டக்க எடுத்த போட்டோ ரெண்டு வெச்சிருக்கேன். என்ன போட்டுக் கழுவட்டும்?"

ஆசிட் வேண்டாம், தங்கச்சி. ஹாலுக்கும் வேண்டாம், பாத்ரூமுக்கும் வேண்டாம். காரணம் நீங்கள் அனுப்பிய முதல் போட்டோவிலேயே இருக்கிறது. வலது மூலையில், பாத்ரூம் வாசலில் போட்டிருக்கும் கறுப்புக் கல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லின் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. அதன் ஓரம் தண்ணீர் வழிந்து நின்ற கோடு போல வளைந்து போகிறது. அது அழுக்கு இல்லை. அந்தக் கல் கடப்பா. கடப்பா என்பது சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் மேல்பரப்பு கரைந்து, கறுப்பு போய் வெளுத்துவிடும். கருங்கல்லாக, அதாவது கிரானைட்டாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது. கிட்டே பார்த்தால் உள்ளே மினுக்கும் துகள்களும் தெரிந்திருக்கும். ஆகவே உங்கள் பாத்ரூமில் யாரோ ஏற்கெனவே ஒரு முறையாவது ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள், அது வாசல் வரை வழிந்திருக்கிறது. டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரிகளே வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் அடித்துவிட்டுப் போவது உண்டு. அப்போதே நடந்ததாகவும் இருக்கலாம்.

இப்போது டைல்ஸ். உங்கள் போட்டோவில் ஒரு நல்ல விஷயம், பால்கனி கதவு ஓரத்தில் மூலை பெயர்ந்த ஒரு டைலும் பதிவாகியிருக்கிறது. டைல் என்ன ஜாதி என்று பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. உடைந்த இடம்தான் சொல்லும். உங்கள் டைலில் மேலே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஐவரி நிறம், அதற்குக் கீழே சாம்பல். இரண்டு அடுக்கும் கல் மாதிரி இறுகி இருக்கின்றன. இதைக் கடைக்காரர்கள் டபுள் சார்ஜ் விட்ரிஃபைட் என்பார்கள். நிறம் மேலே பூசியது இல்லை, அந்த 3 மில்லிமீட்டர் முழுக்க ஊறியிருப்பது. படம் அச்சடித்து மேலே கண்ணாடிப் பூச்சு போட்ட வகை என்றால் நிறம் காகிதக் கனத்துக்குத்தான் தெரியும். சாதாரண செராமிக் என்றால் உள்ளே செங்கல் மாதிரியோ சுண்ணாம்புக் கட்டி மாதிரியோ இருக்கும். சந்தேகம் இருந்தால் உடைந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செராமிக் உறிஞ்சிவிடும். விட்ரிஃபைட்டில் சொட்டு அப்படியே நிற்கும். அது தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. தண்ணீரே அவ்வளவாக உள்ளே போகாத டைலுக்குள் அழுக்கும் ஆழமாகப் போகாது. எனவே உங்கள் ஹாலின் மங்கல் டைலுக்கு உள்ளே இல்லை. ஒன்று, மேலே ஏதோ படிந்திருக்கிறது. அல்லது பாலிஷ் தேய்ந்திருக்கிறது. ஜாயின்ட் கதையே வேறு. அது வெறும் சிமெண்ட். பஞ்சு போல எல்லாவற்றையும் குடிக்கும். ஒரே தரையில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

மங்கல் எதனால் என்று போட்டோவை மட்டும் பார்த்து என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. படிவமும் தேய்மானமும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். தண்ணீர் தெளித்துப் பார்த்தாலும் பயனில்லை. ஈரமாக இருக்கும்போது இரண்டுமே பளபளக்கும், காய்ந்ததும் இரண்டுமே மங்கும். ஆனால் அரை மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஹாலின் நடுவில், தினமும் நடக்கும் வழியில், மாஸ்கிங் டேப்பை ஒட்டி அரை அடிக்கு அரை அடி மூன்று கட்டம் போடுங்கள். டேப் மூலையில் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள்.

முதல் கட்டத்தை வெதுவெதுப்பான குடிதண்ணீரும் சுத்தமான பனியன் துணியும் கொண்டு நான்கு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் வேறு பக்கத்தால். இரண்டாவது கட்டத்துக்கு, கால் லிட்டர் சூடான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். சலவை சோடா என்றால் துணிக்குப் போடுவது. ஆப்பத்துக்குப் போடும் சோடா வீரியம் குறைந்தது, இதற்குப் போதாது. மூன்றாவது கட்டத்துக்கு, கால் லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் தருவார்கள். சிட்ரிக் ஆசிட்தான் அது. 5 நிமிடம் விட்டுத் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். இந்தத் தண்ணீர் ஜாயின்ட் மேல் போகாதபடி கட்டத்தை டைலின் நடுவில் போடுங்கள். மூன்றும் நன்றாகக் காய்ந்தபின், விளக்கை அணைத்து, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பாருங்கள்.

முதல் கட்டமே தெளிந்தால், தரையில் இருப்பது கழுவாமல் விட்ட கிளீனரும் கரையக்கூடிய உப்பும்தான். இரண்டாவது தெளிந்தால் எண்ணெய்ப் பசை: அடுப்படிப் புகை, கால் எண்ணெய், நாள்தோறும் ஊற்றிய பினாயில். மூன்றாவது தெளிந்தால் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவம். எதுவுமே தெளியவில்லை, டார்ச் வெளிச்சத்தில் மயிரிழைக் கோடுகளாகத் தெரிகிறது என்றால் பாலிஷ் தேய்ந்துவிட்டது. பிறகு எதை ஊற்றினாலும் பளபளப்பு வராது.

உங்கள் வீட்டில் மூன்றாவது கட்டம்தான் தெளியும் என்று நினைக்கிறேன். ஆர்ஓ தண்ணீரால் துடைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான். அந்த மெஷின் தண்ணீரில் உள்ள உப்பை அழிப்பதில்லை; நல்ல தண்ணீரை ஒரு பக்கம் விட்டு, உப்பையெல்லாம் மறுபக்கத் தண்ணீரில் சேர்த்துத் தள்ளுகிறது. வீணாகும் குழாயில் வருவது உங்கள் போர் தண்ணீரைவிட உப்பு கூடியது. அதை மாப்பில் தோய்த்துத் தரை முழுக்கத் தடவிக் காயவைக்கும்போது, தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தரையிலேயே நின்றுவிடும். தினமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். எட்டு வருஷத்தில் அது பால் தெளித்த மாதிரி ஆகாமல் என்ன செய்யும்? தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் சரியானது. அந்தத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றப் பயன்படுத்துங்கள். தரைக்கு வேண்டாம்.

போன வருஷம் வியாசர்பாடியில் இதே போல ஒரு ஹால் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, இதே ஐவரி டபுள் சார்ஜ். அங்கே முதல் கட்டத்தில் லேசாக வித்தியாசம், இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் எலுமிச்சை உப்புத் தண்ணீர் பட்ட இடம் தெளிவதற்குப் பதிலாகப் பிசுபிசுத்தது, துணி இழுத்தது. வீட்டுக்கார அம்மா பயந்துவிட்டார்கள். ஆனால் அதுதான் சரியான தடயம். உப்புத் தண்ணீரில் சோப்பைக் கலந்தால் நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும் அல்லவா? அந்தத் திரிதான் தரையில் படலமாக ஒட்டியிருந்தது. எலுமிச்சை உப்பு அதில் இருக்கும் சுண்ணாம்பைப் பிரித்துவிடும், மிச்சம் கொழுப்புப் பசை நிற்கும். அதே கட்டத்தை நல்ல தண்ணீரால் அலசி, மேலே சலவை சோடாத் தண்ணீர் போட்டுத் தேய்த்தோம். காய்ந்தபின் மேலே ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் அந்த அரை அடிக் கட்டத்துக்குள் தெரிந்தன. சுற்றி இருந்த தரையில் வெறும் வெள்ளைப் புகைதான்.

எப்படி முழு ஹாலையும் செய்தோம் என்று சொல்கிறேன், மூன்றாவது கட்டம் தெளிந்தாலோ பிசுபிசுத்தாலோ உங்களுக்கும் அதே வழிதான். ஒரு நேரத்தில் நான்கு டைல் மட்டும். முதலில் ஜாயின்ட்களில் நல்ல தண்ணீரை ஊற்றி ஊறவிடுங்கள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சிமெண்ட் ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருந்தால் புளிப்புத் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலோடு போய்விடும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு என்ற கணக்கில் கரைத்து, டைல் மேல் துணியால் பரப்பி, 5 நிமிடம். காயவிடக் கூடாது, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வைப்பரால் வழித்து, முறத்திலோ டஸ்ட்பேனிலோ அள்ளி பக்கெட்டில் போட்டுவிடுங்கள். அடுத்த டைல் பக்கம் தள்ளிவிட வேண்டாம். நல்ல தண்ணீரால் ஒரு அலசு. அதன்பின் 1 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, அதே போலத் தேய்த்து, வழித்து, இரண்டு முறை அலசல். சோடா இருக்கிற புளிப்பையும் முறித்துவிடும், ஜாயின்ட்டுக்கும் நல்லது. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் கிடைக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசல் போர் தண்ணீரில் என்றால் பாதி உழைப்பு வீண். முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள், தானாகக் காயவிடாதீர்கள். ஒரு தடவையில் படிவம் போகவில்லை என்றால் இன்னொரு நாள் திரும்பச் செய்யலாம். அளவைக் கூட்டிப் போட்டு ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், ஜாயின்ட் அரித்துவிடும்.

இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலந்து ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் பொங்கும். பொங்குவதைப் பார்த்தால் வேலை செய்கிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாக, நடுவில் அலசி.

பச்சை ஸ்க்ரப்பர், ஸ்டீல் கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் தூள் மூன்றும் ஹாலுக்கு ஆகாது. பாலிஷில் மெல்லிய கோடு விழும். கம்பி நார் உடைந்த துணுக்கு ஜாயின்ட்டில் தங்கி அடுத்த வாரம் துருப்புள்ளியாக வரும். எந்தக் கட்டமும் தெளியாமல் தேய்மானம்தான் என்று தெரிந்தால், உங்களுடையது டபுள் சார்ஜ் என்பதால் வைரப் பேட் போட்டு மெஷினில் பாலிஷ் பிடிக்க வாய்ப்பு உண்டு. அச்சுப் படம் போட்ட வகையில் அதைச் செய்யவே கூடாது, படம் போய்விடும். பளபளப்புக்கு என்று மேலே பூசும் மெழுகு திரவங்களை வாங்க வேண்டாம். விட்ரிஃபைட்டில் அது பிடிக்காது. வழுக்கும், பிறகு திட்டுத் திட்டாக உரியும்.

இனி ஜாயின்ட். போட்டோவில் பத்து ரூபாய் நாணயம் வைத்து எடுத்தது ரொம்ப நல்ல காரியம். அந்த நாணயம் 27 மில்லிமீட்டர். ஜாயின்ட் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் அடைத்திருப்பது வெறும் ஒயிட் சிமெண்ட் போலத்தான் தெரிகிறது. ஒயிட் சிமெண்ட்டைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேய்த்து அடைப்பது நம் பக்கத்தில் வழக்கம். மலிவு, வேகம். ஆனால் அது நுண்துளை நிறைந்தது. ஜாயின்ட் டைலைவிடக் கொஞ்சம் பள்ளமாக இருப்பதால் மாப் தண்ணீர் அங்கே வந்து நிற்கிறது, தண்ணீரைச் சிமெண்ட் குடிக்கிறது, அழுக்கை வடிகட்டி வைத்துக்கொள்கிறது. லாரி போகும் ரோட்டுப் பக்கம் ஜன்னல் இருக்கிற வீடுகளில் அது நல்ல கரிக் கறுப்பாகவே இருக்கும். உங்கள் போட்டோவில் சோபா ஓரத்து ஜாயின்ட் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, நடக்கும் வழியில்தான் கறுப்பு. அப்படியென்றால் பூஞ்சை இல்லை, படிந்த அழுக்கு.

ஆசிட் ஊற்றினால் இந்த ஜாயின்ட் கண் முன்னால் வெளுக்கும், அதை மறுக்கவில்லை. வேலைக்கு வரும் அந்த அக்கா கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். ஆனால் வெளுப்பது அழுக்கு போனதால் இல்லை. அழுக்குப் படிந்த சிமெண்ட்டின் மேல்தோல் கரைந்து போனதால். நுரை வருகிறதே, அது சிமெண்ட் கரையும் நுரை. அடியில் புதுத்தோல் தெரிகிறது, சொரசொரப்பாக, முன்னைவிடப் பள்ளமாக. அதனால் சில மாதத்தில் முன்பைவிட வேகமாகக் கறுக்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த வீடுகளில் ஜாயின்ட்டே இல்லாமல் கோடு மட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் ஆசிட் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பால் வருவது. அதையும் ஜாயின்ட் குடித்துக்கொள்ளும், பிறகு மஞ்சள் கறை.

கறுப்புக்கு வேண்டியது காரமும் ஆக்சிஜனும். ஆக்சிஜன் ப்ளீச் என்று துணிக் கறைக்கு விற்கும் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட், 1 லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. அது கிடைக்கவில்லை என்றால் மருந்துக் கடையில் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, சமையல் சோடாவோடு தோசை மாவு பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், விரலில் பட்டால் தோல் வெளுத்து எரியும். கலந்ததைப் பாட்டிலில் மூடி வைக்கக் கூடாது. வாயு அடைந்து வெடிக்கும். ஜாயின்ட் நீளத்துக்குத் தடவி, 15 முதல் 20 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை உடனே துணியால் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கரைந்து வந்த கறுப்பை அங்கேயே விட்டால் காயும்போது சிமெண்ட் அதைத் திரும்பக் குடித்துவிடும். அன்று சாயங்காலம் பார்த்தால் ஜாயின்ட் சாம்பலாகத்தான் தெரியும்; ஈரச் சிமெண்ட்டின் நிறம் அது. மறுநாள் காய்ந்தபின் முடிவு செய்யுங்கள். எட்டு வருஷக் கறை இரண்டு முறை கேட்கும்.

தேய்க்கும்போது ஜாயின்ட் மாவாக உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் சரி. பொடி கொட்டினால் அதைச் சுத்தம் செய்து பயனில்லை. ஹாக்ஸா பிளேடு துண்டால் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, பாலிமர் கலந்த ஜாயின்ட் ஃபில்லர் அடைக்க வேண்டும். மறுபடி ஒயிட் சிமெண்ட் வேண்டாம்.

நன்றாக இருக்கும் ஜாயின்ட்டுக்கு, கழுவி முழுதாக இரண்டு நாள் காய்ந்தபின், உள்ளே ஊறும் வகை சீலர் ஒன்றைச் சின்ன பிரஷ்ஷால் தடவுங்கள். டைல் மேல் வழிந்ததைச் சில நிமிடங்களுக்குள் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புது மங்கலாகிவிடும். மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், ஜாயின்ட் மேல் முத்தாக நிற்க வேண்டும்.

பாத்ரூமுக்கு வருவோம். இரண்டாவது போட்டோவில் தரை சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் செராமிக். செங்காவி நிறம் குழாயடியிலிருந்து வடிகால் வரைக்கும் நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது. தண்ணீர் போகும் வழியில் மட்டும் கறை என்றால் அது தண்ணீரில் உள்ள இரும்பு. ஒரு பக்கெட் போர் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் பழுப்பாகி அடியில் மண்டி தங்கியிருந்தால் உறுதி. இதற்கு ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள். பூஞ்சைக்கு அது நல்ல மருந்து, இரும்புக்கு எதிரி. கரைந்திருக்கும் இரும்பையும் அது துருவாக மாற்றிக் கறையை இன்னும் அழுத்தமாக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டும் போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட் ஊற்றுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து, தங்கச்சி. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் இரண்டு மூச்சு இழுத்தாலே நெஞ்சு அடைத்துவிடும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். உட்கார்ந்து தேய்ப்பது அவர்தான். எலுமிச்சை உப்பும் புளிப்புதான். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் அதைப் போடவும் கூடாது, நிறையத் தண்ணீர் விட்டு அலசி மறுநாள் செய்யுங்கள்.

இரும்புக் கறைக்கும் எலுமிச்சை உப்பே போதும், இங்கே கொஞ்சம் கெட்டியாக. 1 லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி. தரையையும் ஜாயின்ட்டையும் முதலில் நனைத்து, கடப்பா வாசல் கல் மேல் ஈரத்துணியைச் சுருட்டி அணை கட்டி, பழைய பனியன் துணியை இந்தத் தண்ணீரில் நனைத்துக் கறை மேல் விரித்து 10 நிமிடம். பிறகு தேய்த்து, அலசி, கடைசியில் சோடாத் தண்ணீர் ஒரு மக்கு. அப்படியும் போகாத பழைய துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட் தூள் இருக்கிறது. மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் கடைசியில் தூவித் தேய்ப்பார்களே, அதேதான். வேலை செய்யும், ஆனால் விழுங்கினால் விஷம். குழந்தை இருக்கும் வீட்டில் தெரிந்தவர் கையால் செய்வது நல்லது.

அந்தக் கடப்பாக் கல்லின் வெளுப்பு எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. மேல்பரப்பு கரைந்துவிட்டது. ஈர எமரி தாளால் தேய்த்து, வரவர நைஸான தாளுக்கு மாறினால் மட்டமாகும். தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகத் தெரியும், சில நாளில் மறுபடி வெளுத்துத் தூசியும் பிடிக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டோவின் மேல் ஓரத்தில், உள் அறையில், பழைய மொசைக் தரை கொஞ்சம் தெரிகிறது. இன்று ஹாலுக்குச் சொன்ன எலுமிச்சை உப்பு அந்தப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மொசைக் என்பது சிமெண்ட்டில் பதித்த சலவைக்கல் சில்லு; இரண்டையும் புளிப்பு அரிக்கும். வேலை கற்றுக்கொண்டிருந்த நாளில், ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டில், பெயின்ட் கறை போகட்டும் என்று மொசைக் மேல் நானே ஆசிட் ஊற்றியிருக்கிறேன். கறை போயிற்று. கூடவே கையகல இடத்தில் பளபளப்பும் போய், சில்லுகள் சொரசொரவென்று வெளியே நின்றன. அந்த அறை முழுக்க மெஷின் பாலிஷ் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. மொசைக்குக்குக் காரமும் புளிப்பும் இல்லாத மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் பிழிந்த துணியால்.

மூன்று கட்டம் போட்டுக் காய்ந்ததும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேலிருந்து எடுக்க வேண்டாம். தரையோடு போனைச் சாய்த்து, வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி எடுங்கள். டேப்பில் எழுதிய எண்கள் தெரியட்டும். முதலில் புளிப்பா சோடாவா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.